லெக் டேக்கு முந்தின நாள் சோறு: ரெஸ்ட் டேல கார்ப் குறைக்கணுமா?

இந்த எபிசோட் ஒரு நேயரோட கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. அவருக்கு வயசு 29, எடை 72 கிலோ, ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனியில வேலை. வாரத்துக்கு நாலு நாள் ஜிம். அவர் அனுப்பின வாய்ஸ் நோட்டோட சுருக்கம் இதுதான்: "ஒரு மாசமா கார்ப் சைக்கிளிங் பண்றேன். ஜிம் போற நாள்ல சோறு, இட்லி எல்லாம் அதிகம். ரெஸ்ட் டேல குறைவு. வெயிட் ஏறி ஏறி இறங்குது. திங்கட்கிழமை லெக் டேல மூணாவது செட்லயே கால் கழண்டுடுது. வீட்ல அம்மா, 'உனக்கு ஒரு நாள் ஒரு சமையல், மறுநாள் ஒரு சமையலா? என்னால முடியாது'ன்னு சொல்லிட்டாங்க. இதை விடலாமா, தொடரலாமா?"

கேள்வி ரொம்ப சின்னது. ஆனா இதுக்குள்ள மூணு தனித்தனி விஷயம் கலந்திருக்கு. கொழுப்பு குறையறது, ஜிம்ல சக்தி இருக்கறது, வீட்ல சமையல் நடக்கறது. ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்ப்போம்.

முதல்ல அவரோட கணக்கு. அவர் உடம்புக்கு எடை மாறாம இருக்க ஒரு நாளைக்குச் சுமார் 2200 கலோரி வேணும்னு வச்சுக்கலாம். கொழுப்பைக் குறைக்க சராசரியா 1900 எடுக்கறார். வாரத்துக்கு 13,300. புரதம் தினமும் 120 கிராம், கொழுப்பு 60 கிராம். இந்த ரெண்டையும் அவர் மாத்தறதில்ல. அதுக்கே 1020 கலோரி போயிடுது. மிச்சம் இருக்கற 880 கலோரிதான் மாவுச்சத்து, அதாவது 220 கிராம் கார்ப்.

தினமும் ஒரே மாதிரி சாப்பிட்டா ஏழு நாளும் 220 கிராம். அவர் என்ன பண்றார்னா, ஜிம் போற நாலு நாள் 2050 கலோரி, ரெஸ்ட் எடுக்கற மூணு நாள் 1700 கலோரி. கூட்டிப் பாருங்க: 8200 பிளஸ் 5100, அதே 13,300தான். கார்ப் மட்டும் ஜிம் நாள்ல சுமார் 257 கிராம், ரெஸ்ட் டேல 170 கிராம். வித்தியாசம் 87 கிராம். ஒரு கப் வடிச்ச சாதத்துல சுமார் 45 கிராம் கார்ப் இருக்கும். அப்போ இந்த மொத்த திட்டமும் ரெண்டு கப் சாதத்தை இந்த நாள்ல இருந்து அந்த நாளுக்கு நகர்த்தற வேலை. அவ்வளவுதான்.

கொழுப்பு குறையற விஷயத்துல இந்த நகர்த்தலுக்கு என்ன பலன்? சொல்லிக்கற அளவுக்கு எதுவும் இல்ல. புரதமும் வார மொத்தமும் ஒண்ணா இருந்தா, கொழுப்பு எவ்வளவு கரையும்னு தீர்மானிக்கறது அந்த மொத்தம்தான். சம்பளம் மாசக் கடைசியில வந்தாலும் மாச ஆரம்பத்துல வந்தாலும் வருஷ வருமானம் ஒண்ணுதானே, அந்த மாதிரி. செலவு என்னைக்கு வருதுங்கறதுல மட்டும்தான் தேதி முக்கியம். இங்க செலவுங்கறது லெக் டே.

அதனால ரெண்டாவது விஷயத்துக்கு வருவோம். சாப்பிடற மாவுச்சத்துல ஒரு பங்கை உடம்பு கிளைகோஜனா சேமிச்சு வைக்குது. சாதாரண ஆளுக்குத் தசைகள்ல சுமார் 400 கிராம், கல்லீரல்ல சுமார் 100 கிராம் இருக்கும். கல்லீரல்ல இருக்கறது ரத்தத்துக்குப் போகும், மூளைக்குப் போகும். தசையில இருக்கறது அப்படி இல்ல. அந்தத் தசை மட்டும்தான் அதை எரிக்கும். தொடையில தீர்ந்துபோனா தோள்ல இருந்து கடன் வாங்க முடியாது.

இது எப்போ நிரம்புது? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு பரிசோதனை இருக்கு. 1966-ல ஸ்வீடன்ல பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கிட்டாங்க. ஒரே சைக்கிள்ல ரெண்டு பக்கமும் உக்காந்து, ஆளுக்கு ஒரு காலால மட்டும் பெடல் பண்ணாங்க. இன்னொரு கால் சும்மா இருந்துச்சு. களைச்சுப் போற வரைக்கும் மிதிச்சுட்டு, மூணு நாள் மாவுச்சத்து நிறைஞ்ச சாப்பாடு மட்டும் சாப்பிட்டாங்க. தொடைத் தசையில ஊசி போட்டு மாதிரி எடுத்துப் பார்த்தாங்க. உழைச்ச கால்ல கிளைகோஜன் முதல்ல காலியாகி, ஒரு நாள்ல பழைய நிலைக்கு வந்து, மூணு நாள்ல சும்மா இருந்த காலை விட ஏறத்தாழ ரெண்டு மடங்கு ஆயிடுச்சு.

இதுல நம்ம விஷயத்துக்குத் தேவையான பாடம் என்ன? டேங்க் நிரம்பறது வண்டி ஓடற நேரத்துல இல்ல, நிக்கற நேரத்துல. ரெஸ்ட் டேங்கறது எரிபொருள் தேவைப்படாத நாள் இல்ல. நேத்து காலியானதும் நாளைக்குத் தேவைப்படறதும் உள்ள போற நாளே அதுதான்.

இப்போ நம்ம நேயரோட அட்டவணையைப் பாருங்க. திங்கள் கால், செவ்வாய் மேலுடம்பு, புதன் ரெஸ்ட், வியாழன் கால், வெள்ளி மேலுடம்பு, சனி ஞாயிறு ரெஸ்ட். எல்லாமே காலையில ஆறு மணிக்கு, வெறும் வயித்துல பிளாக் காபியோட.

பிரச்சினை எங்கன்னு தெரியுதா? கோட் எழுதறவங்களுக்கு உடனே தெரிஞ்சிருக்கும். இது ஆஃப்-பை-ஒன் எரர். அவர் ஆப்ல "திங்கள், ஹை டே"ன்னு இருக்கு. ஆனா திங்கட்கிழமை அவர் சாப்பிடற சாப்பாடு எல்லாம் ஒர்க்அவுட் முடிஞ்ச பிறகு. ஆறு மணிக்கு ஸ்குவாட் ராக் கீழ நிக்கும்போது உடம்புல இருக்கறது சனி, ஞாயிறு ரெண்டு நாளும் குறைச்சு சாப்பிட்ட சாப்பாடு. வியாழக்கிழமை லெக் டேக்கும் அதே கதை, முந்தின நாள் புதன் லோ டே. ஆனா செவ்வாயும் வெள்ளியும், அதாவது சின்னத் தசைகளுக்கான நாள், ஹை டேக்கு மறுநாள் வருது. எந்த நாளுக்கு அதிகம் வேணுமோ அதுக்குக் குறைவு, எதுக்குக் குறைவு போதுமோ அதுக்கு அதிகம். திட்டம் அப்படியே தலைகீழா ஓடுது.

170 கிராம்ங்கறது பார்க்க சின்ன எண் இல்ல. ஆனா மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். அது போக மிச்சத்துல தொடைத் தசைக்கு எவ்வளவு வரும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. மேல ராத்திரி முழுக்கத் தூக்கத்துல கல்லீரல் தன் இருப்பைச் செலவு பண்ணிட்டே இருக்கும். காலையில வெறும் வயித்துல போனா அதுவும் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கலாம்.

சரி, அப்போ அதுதான் கால் கழண்டு போகக் காரணமா? இங்க கொஞ்சம் நிதானமா இருக்கணும். எடை தூக்கற பயிற்சியில கிளைகோஜன் முழுசா காலியாகறதில்ல. ஒரு தசைக்கு அஞ்சாறு கடினமான செட் போட்டா அந்தத் தசையோட இருப்புல நாலுல ஒரு பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு, சில நேரம் கொஞ்சம் மேல போகும். மென்னோ ஹென்செல்மன்ஸ் குழு 2022-ல வெளியிட்ட ஒரு ஆய்வுத் தொகுப்பு, சாப்பிட்ட நிலையில, ஒரு தசைக்குப் பத்து செட் வரைக்கும் இருந்தா, கார்ப் அளவு கூடக் குறைய இருக்கறதால தூக்கற திறன்ல பெரிய வித்தியாசம் வர வாய்ப்பில்லன்னு சொல்லுது. அதுல முக்கியமான வார்த்தை "சாப்பிட்ட நிலையில." நம்ம ஆள் சாப்பிடல. பிளாக் காபி சாப்பாடு கிடையாது.

அதனால அவருக்கு நான் சொன்ன முதல் மாற்றம் சைக்கிளிங் பத்தியே இல்ல. ஜிம்முக்குக் கிளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஒரு மோரிஸ் வாழைப்பழம், இல்ல ரெண்டு பூவன் பழம். நாள் கணக்குல இருந்தே எடுத்துக்கலாம், புதுசா கலோரி சேர்க்க வேண்டாம்.

ரெண்டாவது மாற்றம், ஹை டேங்கற லேபிளை ஒரு நாள் முன்னாடி தள்ளறது. காலையில போறவங்களுக்கு ஒர்க்அவுட்டுக்கு முந்தின நாள்தான் ஹை டே. அவருக்கு அது ஞாயிறு, திங்கள், புதன், வியாழன். லோ டே செவ்வாய், வெள்ளி, சனி. எண்ணிப் பாருங்க, அதே நாலு ஹை, மூணு லோ. வார மொத்தம் அதே 13,300. ஒரு கலோரி கூட மாறல. ஆனா இப்போ திங்கள் காலைக்கும் வியாழன் காலைக்கும் பின்னாடி ஒரு நிறைஞ்ச நாள் இருக்கு. கூடவே ஞாயிறு மதியம் வீட்ல பிரியாணின்னா அதுவும் ஹை டேல வந்து விழுந்துடுது.

சாயங்காலம் ஆபீஸ் முடிச்சு ஏழு மணிக்கு ஜிம் போறவங்களுக்கு இந்தத் தள்ளல் தேவையில்ல. காலை டிபனும் மதிய சாப்பாடும் ஒர்க்அவுட்டுக்கு முன்னாடியே உள்ள போயிடும். காலண்டர்ல என்ன தேதியோ அதுவே சரி.

இதெல்லாம் வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? நிறைய பேர் எடை மெஷினைப் பார்ப்பாங்க. அதுதான் இங்க மோசமான சாட்சி. ஒரு கிராம் கிளைகோஜன் சேரும்போது அதோட சுமார் மூணு கிராம் தண்ணியும் சேரும். ரெண்டு லோ டே முடிஞ்சு உடம்புல 100 கிராம் கிளைகோஜன் குறைஞ்சா, தண்ணியோட சேர்த்து 400 கிராம் மெஷின்ல இறங்கும். மறுநாள் நல்லா சாப்பிட்டா 400 கிராம் திரும்ப ஏறும். உண்மையான கொழுப்புல 400 கிராம் குறையணும்னா சுமார் 3000 கலோரி பற்றாக்குறை வேணும். அவரோட பற்றாக்குறை ஒரு வாரத்துக்கே 2100தான். அதாவது ஒரு வாரத்துல கரையற கொழுப்பு முக்கால் பங்கு அரைக்கிலோ கூட இல்ல, 270 கிராம் பக்கம். ஒரே ராத்திரியில வர்ற தண்ணி ஏற்ற இறக்கம் அதை விடப் பெருசு.

கார்ப் சைக்கிளிங் பண்றவங்க "லோ டே முடிஞ்சா செம்மையா இறங்குது ப்ரோ"ன்னு சொல்றது பெரும்பாலும் இந்தத் தண்ணிதான். ஹை டே மறுநாள் பயந்துபோய்ப் பட்டினி கிடக்கறதும் இதே தண்ணியால. தினமும் ஒரே மாதிரி சாப்பிடறவங்களுக்கு இந்த அலை சின்னதா இருக்கும். மாத்தி மாத்தி சாப்பிடறவங்க திங்களைத் திங்களோட, வெள்ளியை வெள்ளியோடதான் ஒப்பிடணும். இல்லன்னா ஏழு நாள் சராசரியை எடுத்து, அதை முந்தின வாரச் சராசரியோட வச்சுப் பார்க்கணும்.

சக்தி விஷயத்துக்கு நோட்டுப் புத்தகம் போதும். ஸ்குவாட்ல ஒரே எடை, ஒரே ஓய்வு நேரம். ஒவ்வொரு செட்லயும் எத்தனை முறை வந்துச்சுன்னு எழுதுங்க. முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்கன்னு பக்கத்துல எழுதுங்க. ரெண்டு வாரம் பழைய அட்டவணை, ரெண்டு வாரம் தள்ளின அட்டவணை. வாழைப்பழம் நாலு வாரமும் உண்டு, இல்லன்னா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது. முதல் செட் நல்லா இருந்து கடைசி செட்டுகள்ல மட்டும் எண்ணிக்கை விழுந்தா, கார்ப் மேல சந்தேகப்படறது நியாயம். முதல் செட்டே கனமா இருந்தா தூக்கத்தைப் பாருங்க, இல்ல போன வாரம் போட்ட செட் எண்ணிக்கையைப் பாருங்க. நாலு வாரத்துல எந்த வித்தியாசமும் தெரியலன்னா, உங்களுக்கு இந்தச் சைக்கிளிங் தேவையில்லங்கறது உங்க நோட்டே சொல்ற பதில். நிறைய பேருக்கு அந்தப் பதில்தான் வரும்.

அப்போ இந்த ஐடியா எங்க இருந்து வந்துச்சு? நெடுந்தூர விளையாட்டுல இருந்து. லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் மார்ட்டன் குழுவினர், எவ்வளவு வேலையோ அவ்வளவு எரிபொருள்ங்கற கொள்கையை விரிவா எழுதினாங்க. அங்க அதுக்கு அர்த்தம் இருக்கு. நம்ம 72 கிலோ ஆளே ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல 20 கிலோமீட்டர் ஓடறார்னு வைங்க. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரிங்கற பொதுக் கணக்குல 1440 கலோரி. அந்த நாளும் சும்மா சோபாவுல உக்காந்திருக்கற நாளும் ஒரே தட்டுல சாப்பிட முடியாது. ஆனா ஒரு மணி நேர ஜிம்? செட்டுக்கு நடுவுல ஃபோன் பார்க்கற நேரத்தையும் சேர்த்து, ரெஸ்ட் டேயை விட 200, 300 கலோரிதான் கூடுதல். மராத்தான் ஓடறவங்களுக்குன்னு வடிவமைச்ச சிஸ்டத்தை இந்த 250 கலோரிக்காக இறக்குமதி பண்றோம். பத்து பேர் யூஸ் பண்ற ஆப்புக்கு மைக்ரோ சர்வீஸ் கட்டற கதைதான்.

இப்போ மூணாவது விஷயம், வீட்டுச் சமையல். இதை நான் சின்ன விஷயமா எடுத்துக்கல. இந்த மாதிரி திட்டங்கள் நிக்கறது பெரும்பாலும் உடம்பால இல்ல, அடுப்படியால. நாலு பேருக்கு ஒரே குக்கர்ல சாதம் வைக்கற வீட்ல, ஒருத்தருக்கு மட்டும் ரெண்டு விதமான மெனுன்னா அதோட சுமை சமைக்கறவங்க மேல விழுது. அம்மா சொன்னதுல நியாயம் இருக்கு.

தவிர அளக்கறதுலயே எவ்வளவு பிழை இருக்குன்னு பாருங்க. ஒரு வீட்டு இட்லி 35 கிராம், இன்னொரு வீட்ல 50 கிராம். சாதத்தைக் கரண்டியில அள்ளும்போது கண்ணால போடற கணக்குல 20 சதவீதம் தப்பினாலே, 220 கிராம்ல 44 கிராம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகும். ஹை டேக்கும் லோ டேக்கும் நடுவுல இருக்கற வித்தியாசமே 87. பாதி வித்தியாசம் கரண்டியிலயே கரைஞ்சுடுது. அப்புறம் ஆப்ல 257-ன்னு டைப் பண்றதுல என்ன துல்லியம் இருக்கு?

அதனால அவருக்கு நான் சொன்ன வழி இது. மெனு ஒண்ணுதான். வீட்ல எல்லாருக்கும் என்ன சமையலோ அதுவேதான். சாம்பார், பொரியல், முட்டை, மீன், தயிர், எதுவும் எந்த நாளும் மாறாது. லோ டே அளவுதான் அடிப்படைத் தட்டு. ஹை டேல அது மேல மூணு சேர்க்கை மட்டும்: ஒரு வாழைப்பழம், சுமார் 25 கிராம் கார்ப். டிபன்ல மூணு இட்லி கூடுதல், சுமார் 27. ராத்திரி முக்கால் கப் சாதம் கூடுதல், சுமார் 35. கூட்டினா 87. சமைக்கறவங்களுக்கு வேற வேலை எதுவும் இல்ல, பரிமாறிக்கற கைக்கு மட்டும்தான் மாற்றம். அட்டவணையை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டற அளவுக்குக் கூட இதுல ஒண்ணும் இல்ல. "நாளைக்குக் காலைல ஜிம் இருக்கா?" இருந்தா சேர்க்கை உண்டு, இல்லன்னா இல்ல. வாழைப்பழம் மட்டும் விதிவிலக்கு, அது ஜிம் போற அன்னைக்குக் காலையில.

இதையும் பண்ண முடியலன்னா? தினமும் 220 கிராம், ஏழு நாளும் ஒரே தட்டு, ஜிம்முக்கு முன்னாடி பழம். வாரத்துக்கு நாலு நாள், ஒரு மணி நேரம் எடை தூக்கற ஒருத்தருக்கு இது எந்த விதத்துலயும் ரெண்டாந்தரத் திட்டம் இல்ல. லோ டேல பசி தாங்காம ராத்திரி பதினோரு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறக்கற ஆளா இருந்தா, இதுதான் உங்களுக்கு முதல் தரம். ஏன்னா அந்த ஒரு டப்பா, வாரம் பூரா நகர்த்தின சாதக் கணக்கைத் தாண்டிடும்.

யாருக்கு மாத்தி சாப்பிடறது உழைப்புக்குத் தகுந்த பலன் தரும்? ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல ஓடறவங்க, சைக்கிள் ஓட்டறவங்க. ஒரே நாள்ல ரெண்டு வேளை பயிற்சி பண்றவங்க. அப்புறம், ரெஸ்ட் டேல இயல்பாவே பசி குறைவா இருக்கறவங்க. கடைசி ரகத்துக்குத் திட்டமே வேண்டாம், பசி சொல்றபடி சாப்பிட்டாலே அது சைக்கிளிங்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடறவங்களோ, சர்க்கரையைக் குறைக்கற மாத்திரை எடுக்கறவங்களோ, டாக்டர்கிட்ட பேசாம ஒரு நாள் கூட்டி ஒரு நாள் குறைச்சு சாப்பிடாதீங்க. மருந்தோட அளவு சாப்பாட்டோட அளவை நம்பி எழுதினது. சாப்பாடு குறைஞ்சு மருந்து அப்படியே இருந்தா, லோ டே அன்னைக்கு ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிடலாம்.

நேயருக்கு என் பதில்: தொடரலாம், ஆனா ஒரு நாள் தள்ளி, ஒரே சமையல்ல. நாலு வாரம் நோட்டுல எழுதிட்டு எண்களை அனுப்புங்க. வித்தியாசம் இல்லன்னா தயங்காம விட்டுடுங்க. உங்க லெக் டே காலையிலயா சாயங்காலமா, முந்தின நாள் என்ன சாப்பிடறீங்கன்னு மத்தவங்களும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.